முழுத் தடையா, நேரக் கணக்கா, முற்றமா: இரண்டு வயதுப் பிள்ளையின் திரையும் கிட்டப்பார்வையும்

தக்கலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்று உண்டு. அவனுடைய அப்பா கத்தாரில் வேலை செய்கிறார், நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன், பகல் முழுக்கப் பிள்ளை ஆச்சியின் பொறுப்பில் இருக்கிறான். எனக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே கிட்டப்பார்வை, இப்போது மைனஸ் நான்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், திரையை எப்படி அளவிடுவது என்று நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. திரையே கூடாது என்று தடுப்பது ஒன்று, கைப்பேசியை நிமிடக் கணக்கில் கொடுப்பது இன்னொன்று, கைப்பேசியை எடுத்துவிட்டுச் சுவரில் இருக்கும் டிவியைத் தூரத்திலிருந்து மட்டும், அதுவும் முற்றத்து நேரம் முடிந்த பிறகு காட்டுவது மூன்றாவது. நாங்கள் பிடித்துக்கொண்டது மூன்றாவது வழியை. ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பிறந்த குழந்தையின் கண்ணுக்கு முன்னிருந்து பின்வரை சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், வளர்ந்தவருக்கு அது 23 முதல் 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே நடந்துவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் சற்றுத் தூரப்பார்வையோடு, அதாவது பிளஸ் பவரோடுதான் பிறக்கிறார்கள். கண் நீள நீள அந்த பிளஸ் குறைந்துகொண்டே வரும். அதற்குப் பிறகும் கண் தேவைக்கு மேல் நீண்டுவிட்டால் கிட்டப்பார்வை வருகிறது, ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ மைனஸ் இரண்டரை முதல் மூன்று வரை போகும். ஆகவே இரண்டு வயதில் இருக்கும் பிளஸ் பவரைக் கையிருப்பு போலக் கருத வேண்டும். அது பள்ளிக்குப் போகும் முன்னரே செலவாகிவிடக் கூடாது என்பதுதான் கவலையே தவிர, கைப்பேசி பார்த்த பிள்ளைக்கு அடுத்த மாதமே கண்ணாடி வந்துவிடும் என்பதல்ல. இரண்டு வயதிலேயே கூடுதலான மைனஸ் தெரிந்தால் பரம்பரையோ குறைமாதப் பிறப்போ காரணமாக இருப்பதுதான் வழக்கம், அதற்குக் கைப்பேசியைக் குற்றம் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது.

இதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனாவின் ஷென்ஷென் நகரத்தில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, ஒரு வயதுக்குள்ளேயே திரை பார்க்கத் தொடங்கியவர்களிடம் கிட்டப்பார்வை அதிகம் என்றது. ஆனால் அங்கே தகவல் தந்தது பெற்றோரின் நினைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியான அலசல், நாளொன்றுக்குத் திரை நேரம் ஒரு மணி கூடும்போது கிட்டப்பார்வை இருக்கும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம் கூடுவதாகவும், ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்தான் அது வேகமாக ஏறுவதாகவும் காட்டியது. இவையெல்லாம் இரண்டும் சேர்ந்து காணப்படுவதைச் சொல்பவை, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவுபவை அல்ல. கைப்பேசி அதிகம் பார்க்கும் பிள்ளை வெளியே குறைவாகப் போகும் பிள்ளையாகவும் இருக்கும் என்பதால், எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

முழுத் தடையைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் உறவினரோடு பேசும் வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி இரண்டு வயது வரை கூடாது என்கிறது. இரண்டு வயது வரை தடை நடைமுறைக்கு ஒத்துவந்தது, கேட்கத் தெரியாத பிள்ளைக்கு மறுப்பதில் சிரமமில்லை. அதற்குப் பிறகு, கூட்டுக் குடும்பத்தில், பக்கத்து வீட்டுக் கொச்சுகள் கைப்பேசியோடு வந்து உட்காரும் இடத்தில், தடை என்பது பிள்ளைக்கும் ஆச்சிக்கும் இடையில் நாள்தோறும் நடக்கும் சண்டையாகிவிடுகிறது.

நிமிடக் கணக்குக்கு வருவோம். அரை மணி என்று டைமர் வைத்துக் கொடுப்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கைப்பேசியைப் பிடித்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கை குட்டையாக இருப்பதால் திரை முகத்திலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை, படுத்துக்கொண்டால் அதுவும் இல்லை. 20 சென்டிமீட்டரில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கக் கண், பவரை அளக்கும் அலகான டயாப்டரில் ஐந்து அளவுக்குக் குவிய வேண்டும், மூன்று மீட்டரில் இருக்கும் டிவிக்கு மூன்றில் ஒரு டயாப்டர் போதும். இளம் கண்ணுக்கு ஐந்து டயாப்டர் ஒரு பாரமே அல்ல என்பதால் பிள்ளை முறையிடாது, கண் வலிக்கிறது என்றும் சொல்லாது. அரை மணியைக் குறித்து வைக்கும் டைமர் இந்தத் தூரத்தைக் குறித்து வைப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், கைப்பேசியை எங்கும் எடுத்துப் போகலாம் என்பது. முற்றத்துக்கும், பேருந்துக்கும், கோயில் திருவிழாவுக்கும் அது கூடவே வரும், போன இடத்திலெல்லாம் பிள்ளையின் பார்வை ஒரு சாண் தூரத்துக்குள் சுருங்கிவிடும்.

டிவி சுவரைவிட்டு நகராது. எங்கள் கூடத்தில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்டிருக்கிறது. டிவிக்குக் கீழிருந்து ஐந்து டைல்ஸ் எண்ணினால் பத்தடி, அதாவது மூன்று மீட்டர், ஐந்தாவது டைல்ஸில் பிள்ளையின் நாற்காலி. பாட்டு தொடங்கியதும் நாற்காலியை விட்டு இறங்கி இரண்டாவது டைல்ஸ் வரை வந்துவிடுவான். வந்தால் டிவி நிற்கும், திரும்பிப் போய் உட்கார்ந்தால் ஓடும் என்பதை ரிமோட்டை ஆச்சியின் மடியில் வைத்துத்தான் பழக்க முடிந்தது. கிட்டப்பார்வை ஆய்வுகளில் டிவிக்குக் கிடைக்கும் தொடர்பு கைப்பேசியை விட வலுவற்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், அதற்காக டிவி நல்லது என்று அர்த்தமில்லை. பேச்சு, தூக்கம் ஆகியவற்றில் டிவிக்கும் கைப்பேசிக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது தூரம் கூட அல்ல, வெளிச்சம்தான். இந்தப் பொருளில் சோதனை செய்து நிறுவப்பட்ட ஒன்று உண்டு என்றால் அது இதுதான். சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, அப்படி விடப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. தைவான் 2010-இல் நாளுக்கு 120 நிமிட வெளிநேரத்தைப் பள்ளிகளுக்கு இலக்காக வைத்தது. பகல் வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்து, கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதே அதிகமாக ஏற்கப்படும் விளக்கம். இந்தச் சோதனைகள் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தவை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆயினும் கண் வேகமாக வளரும் வயதில் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

டியூப்லைட் எரியும் கூடத்தில் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. திறந்த வெளியில் வெயில் நாளில் அது பல்லாயிரம், தென்னை நிழலிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே உச்சி வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை, நிழலே போதும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் நம்முடையது, ஜூனிலும் அக்டோபரிலும் முற்றம் சேறாகக் கிடக்கும். அன்றைக்கும் மேகம் மூடிய வானத்தின் கீழ் வெளிச்சம் கூடத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், சிட்டவுட்டின் ஓரத்தில், கூரைக்குள் ஒதுங்காமல், வானம் தெரியும் இடத்தில் பாயைப் போட்டு விளையாட விடுகிறோம். முற்றத்துக்கு அது ஈடாகாது, கூடத்துக்கு எவ்வளவோ மேல்.

இதன் அடிப்படையில் எங்கள் வீட்டு நாள் இப்படி ஓடுகிறது. காலை ஏழிலிருந்து எட்டரை வரை முற்றம், கோழிக்குத் தீனி போடுவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அதில் அடக்கம். ஆச்சி அடுப்படியில் நிற்கும் பதினொன்றரை மணிக்கு டிவி அரை மணி, மதியத் தூக்கம், மாலை நாலரையிலிருந்து வெளிச்சம் மங்கும் வரை மறுபடியும் முற்றம். கூட்டினால் வெளிநேரம் இரண்டரை மணிக்கு மேல் வரும், திரை அரை மணி. காலை முற்றம் நடக்காத அன்று டிவி நேரத்தை மாலைக்குத் தள்ள மாட்டோம், ஏனென்றால் மாலை டிவி எடுத்துக்கொள்வது மாலை வெளிச்சத்தைத்தான். பட்டியலில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இது. அரை மணி நாற்பது நிமிடமாகிவிட்டால் ஆச்சியிடம் கணக்குக் கேட்பதில்லை.

கடினமான இடம் சோறு. "போனு இல்லேன்னா பிள்ளைக்கு சோறு எறங்காது மக்களே" என்று ஆச்சி சொன்னதில் பொய்யில்லை. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு முக்கால் மணி என்று பார்த்தால், திரை நேரத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது, யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதுமில்லை. கிண்ணத்தைச் சிட்டவுட் படிக்கு மாற்றியதும், காகத்தையும் ஆட்டோவையும் காட்டி ஊட்டுவதும் ஓரளவு பலித்தன. ஒரு வாரம் போலச் சோறு குறைந்தது, பிறகு சரியானது. எடை குறைந்த பிள்ளைக்கும் இதே பொறுமையோடு இருக்கச் சொல்ல எனக்கு அனுபவமில்லை, அங்கே மருத்துவரின் சொல் முதலில் வர வேண்டும்.

அப்பாவின் வீடியோ அழைப்பைக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் கைப்பேசி பிள்ளையின் கையில் இருக்காது, மேசையில் தூக்குவாளியில் சாய்த்து வைத்துவிட்டு, என் மடியில் ஒரு கை தூரத்தில் உட்காருவான். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கிட்டப்பார்வையைத் தடுக்க அது உதவும் என்பதற்கு ஆதாரமில்லை.

எந்த வழியைப் பிடித்தாலும் மூன்று வயதையொட்டி ஒரு கண் பரிசோதனை தேவை. டிவியை நெருங்கிப் போவது, கண்ணைச் சுருக்குவது, தலையைச் சாய்ப்பது, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது ஆகியவை தெரிந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடிக் கடையில் இயந்திரத்தை எட்டிப் பார்க்க வைத்துத் தரும் சீட்டை மட்டும் நம்பாதீர்கள், சின்னப் பிள்ளை அதற்குள் பார்க்கும்போது கண்ணைக் குவித்துவிடும், இல்லாத மைனஸ் சீட்டில் வரும். கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்தோ களிம்போ போட்டுப் பார்த்த அளவுதான் உண்மையான அளவு. களிம்பு என்றால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வீட்டில் போடச் சொல்வார்கள், சில நாள் வெளிச்சம் கூசும். அந்த அளவை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதில் மறுபடி மருந்து போட்டுப் பார்க்கும்போது பிளஸ் 0.75-க்குக் கீழே வந்திருந்தால் கிட்டப்பார்வை வரப்போகிறது என்பதற்கு அதுவே முன்னறிகுறியாகக் கொள்ளப்படுகிறது, அப்போது டிவியின் தூரத்தை மட்டுமல்ல, பாடப் புத்தகத்தின் நேரத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும்.