35½ இஞ்சுக்கு எத்தனை சென்டிமீட்டர்? மதுரைத் தையல் கடையில் ஒரு மத்தியானம்

இந்தத் தடவை மதுரைக்குப் போகும்போது பெட்டியில் ஒரு ஜெர்மன் தையல் இதழின் பேட்டர்ன் தாளும் வந்தது. முழங்கால் வரை வரும் லினன் கவுன், பக்கவாட்டில் பை, முக்கால் கை. ஸ்டுட்கார்ட்டில் ஒரு கவுன் தைக்கக் கேட்கும் கூலிக்கு ஊரில் துணியும் எடுத்துத் தைத்தும் முடித்துவிடலாம். ஆனால் வெளிநாட்டு பேட்டர்னைக் கொண்டுபோய்த் தைத்து, இடுப்பில் பிடித்தும் தோளில் தொங்கியும் வந்த கதைகளை நம் ஆட்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். சரியாகத் தைத்துக் கொடுத்த ஒருவர் என்ன செய்தார் என்பதை நின்று பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

மாஸ்டர் புது மண்டபத்தில் தொழில் கற்றவர். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே, அந்தக் கல் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்த காலத்தில், வெள்ளைக்காரர்கள் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிக் கொடுத்து அதே மாதிரி தைத்து வாங்கிப் போவார்களாம். மண்டபத்துக் கடைகளெல்லாம் பிற்பாடு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. இவர் அதற்கு முன்பே ஒரு சந்தில் தனியாகக் கடை போட்டுக்கொண்டார். உதவிக்கு ஒரு பையன்.

தாளை மேசையில் விரித்ததும் மாஸ்டர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “ஏம்மா, இதுல தையலுக்கு விட்டிருக்கா, விடலையா?” விடவில்லை. அந்த இதழ்த் தாளில் கோடு போட்டிருப்பது தையல் விழும் இடத்தில். பக்கங்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டரும் கீழ் மடிப்புக்கு நாலு சென்டிமீட்டரும் நாமே சேர்த்து வெட்ட வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஜெர்மன் எழுத்தை நான் படித்துச் சொன்னேன். எல்லா வெளிநாட்டு பேட்டர்னும் இப்படி இல்லை. அமெரிக்க உறைகளில் வருவது பெரும்பாலும் தையலுக்கு விட்டே வருகிறது. இதைக் கேட்காமல் வெட்டினால் அப்புறம் இஞ்ச், சென்டி எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

அடுத்து அளவு. மாஸ்டர் இஞ்சில்தான் எடுப்பார். அவர் கை அதில் பழகியது. மார்பு 35½, இடுப்பு 29¼, சீட் 39, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை 15¾. நோட்டில் எழுதியதும் பையன் சட்டென்று டேப்பைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்து, “88 முக்கால் ண்ணே” என்றான். புரட்டிப் பார்த்தால் போதும், கணக்கு எதற்கு என்று எனக்கும் தோன்றியது.

மாஸ்டர் டேப்பை வாங்கி, 50 இஞ்ச் வரை இழுத்து, அந்த இடத்தில் நகத்தை வைத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் 125 என்று இருந்தது. “127 இருக்கணும்டா” என்றார். ஒரு இஞ்ச் என்பது 2.54 சென்டிமீட்டர், 50 இஞ்சுக்கு மிச்சம் மீதி இல்லாமல் 127 வரும். ஆனால் கடைகளில் கிடைக்கும் மலிவான டேப் சிலவற்றில் ஒரு பக்கம் 60 இஞ்ச், மறுபக்கம் 150 சென்டிமீட்டர், இரண்டும் ஒரே நுனியில் முடிகிற மாதிரி அச்சடித்துவிடுகிறார்கள். உண்மையில் 60 இஞ்ச் என்பது 152.4. அதனால் ஏதாவது ஒரு பக்கம் பொய் சொல்கிறது. எந்தப் பக்கம் என்று தெரிய, மேசையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்தார். இஞ்ச் பக்கம் ஸ்கேலோடு ஒத்துப்போனது. சென்டி பக்கம் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் அகலமாக விழுந்திருந்தது. இஞ்சிலேயே காலம் தள்ளுகிற கடையில் அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? தப்பு இருந்தாலும் தெரியாமலே போய்விடும். பையனுக்கு அந்த டேப்பை வீசச் சொல்லவில்லை. பின்பக்கத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.

பிறகு கால்குலேட்டர் இல்லாமல் மாஸ்டர் போட்ட கணக்கு அழகானது. அளவை இரண்டு மடங்காக்கி, அதோடு பாதியைச் சேர்க்கிறார். அதாவது இரண்டரையால் பெருக்குகிறார். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மாஸ்டர் சொன்னார்: “அதோட நின்னா 25 இஞ்சுக்கு ஒரு சென்டி விட்டுப்போகும்மா. அதைத் திரும்பச் சேக்கணும்.” 35½க்கு 71, பாதி 17¾, மொத்தம் 88.75. 25க்கு ஒன்று, மீதி பத்தரைக்கு அரைக்கும் கொஞ்சம் கீழே. ஆக 90.2. இடுப்பு 74.3 வந்தது. சீட் 97.5இல் ஒன்றரையைச் சேர்த்து 99.

இந்த ஒன்றரை சென்டிமீட்டர் என்ன செய்யும் என்பது இதழின் அளவு அட்டவணையைப் பார்த்தபோது தெரிந்தது. அதில் 38ஆம் நம்பர் என்றால் மார்பு 88, இடுப்பு 70, சீட் 94. 40ஆம் நம்பர் 92, 74, 98. பையன் சொன்ன 88.75ஐ நம்பியிருந்தால் மார்புக்கு 38ஆம் நம்பர் பக்கத்தில் வந்து நிற்கும். சீட் 97.5 என்பதால் 40 தாராளமாகப் போதும் என்று தோன்றும். உண்மைக் கணக்கில் மார்பு இரண்டு நம்பருக்கும் சரி நடுவில் இருக்கிறது, சீட்டோ 40ஐத் தாண்டி ஒரு சென்டி வெளியே போகிறது. மேலே இறுக்கும், கீழேயும் இறுக்கும். டேப் தப்பு என்று யாருக்கும் தோன்றாது. “ஜெர்மன் பேட்டர்ன் நம்ம உடம்புக்கு ஒத்துவராது” என்று சொல்லிவிடுவார்கள்.

மாஸ்டர் 40ஐ எடுத்துக்கொண்டார். சீட்டில் குறைகிற ஒரு சென்டியை எங்கே சேர்ப்பது? முன்பாகம், பின்பாகம், இரண்டு பக்கத் தையல். ஆக மொத்தம் நாலு ஓரம். ஓரத்துக்குக் கால் சென்டி. “அது ஒரு நூலுக்கும் கம்மிதான்மா” என்று சொல்லி, தாளில் இடுப்புக்குக் கீழே சீட் வரும் இடத்தில் கோட்டை ஒரு நூல் வெளியே தள்ளி, மேலேயும் கீழேயும் பழைய கோட்டோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். எட்டு நூல் ஒரு இஞ்ச்; ஒரு நூல் என்றால் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. முழு அளவை முதலில் சென்டியாக்கிவிட்டு, அதன் பிறகே நாலால் வகுத்தார். முதலில் 39ஐ நாலாக்கி 9¾ என்று வைத்து, அதை மாற்றி 25 என்று தோராயமாக்கினால், நாலு பாகமும் சேரும்போது சீட் 100 ஆகிவிடும்.

இதற்கு நடுவில் நான் ரசித்த இன்னொரு விஷயம். நம் ஊரில் தையல்காரர்கள் உடம்பு அளவோடு லூஸுக்கு இரண்டு இஞ்ச் சேர்த்தே நோட்டில் எழுதும் பழக்கம் உண்டு. அந்த எண்ணை மாற்றி அட்டவணையில் தேடினால் ஒரு நம்பர் பெரிதாகப் போய்விடும், ஏனென்றால் அட்டவணை கேட்பது வெறும் உடம்பு அளவு. லூஸ் பேட்டர்னுக்குள்ளேயே இருக்கிறது. மாஸ்டர் அதைப் பேச்சுக்கு நம்பவில்லை. பிரதி எடுத்த தாளில் கைக்குழிக்குக் கீழே, தையல் கோட்டிலிருந்து தையல் கோடு வரை முன்பாகத்தையும் பின்பாகத்தையும் அளந்தார். பாதிச் சுற்று 50, முழுச் சுற்று 100. 40ஆம் நம்பர் உடம்பு 92. “எட்டு சென்டி அவனே விட்டிருக்கான். நான் தனியா விட்டேன்னா மூட்டை மாதிரி இருக்கும்.” நோட்டில் என் அளவுக்குப் பக்கத்தில் ‘லூஸ் இல்லை’ என்று எழுதி வைத்தார்.

நீளம்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த இதழ் 168 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு வரைகிறது. நான் 5 அடி 3 இஞ்ச். இதை 5.3 அடி என்று போட்டு 30.48ஆல் பெருக்கினால் 161.5 வரும், அது தப்பு. 63 இஞ்ச் என்று ஆக்கிவிட்டு மாற்ற வேண்டும், 160 வரும். எட்டு சென்டி குறைவு. அப்படியானால் கீழே எட்டு சென்டி வெட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். அந்த எட்டில் கழுத்தும் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே காலும் இருக்கிறது. கவுன் அதையெல்லாம் மூடப்போவதில்லை. என் முதுகு நீளம் 15¾ இஞ்ச், சரியாக 40 சென்டி. தாளில் 42. அந்த இரண்டை இடுப்புக்கு மேலே, குறைக்கவும் கூட்டவும் என்று இரட்டைக் கோடு போட்டிருக்கும் இடத்தில் தாளை மடித்து எடுத்தார். இதை எடுக்காமல் கீழே மட்டும் வெட்டினால் உடையின் இடுப்பு என் இடுப்புக்கு இரண்டு சென்டி கீழே உட்கார்ந்து, அங்கே துணி மடிந்து சுருங்கும். முதுகில் இடுப்புக்கு மேலே குறுக்கே மடிப்பு விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சீட்டுக்குக் கீழே மூன்று சென்டி எடுத்தார், அது என் விருப்பத்துக்கு.

லினனில் கை வைக்கவில்லை. முதலில் காடாத் துணியில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பார்க்கச் சொன்னார். மார்பு, இடுப்பு, சீட் மூன்றும் சரியாக நின்றன. ஆனால் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்து கைக்குழியை நோக்கிச் சரிவாக ஒரு சுருக்கம் விழுந்தது. தோள் சரிவு என்னுடையது அதிகம். இது எந்த டேப்பிலும் வராத அளவு. தோள் தையலின் வெளி நுனியில் மூன்று நூல் இறக்கி, கைக்குழியையும் அதே அளவு இறக்கியதும் சுருக்கம் போய்விட்டது.

லினனில் பக்கத் தையலுக்கு மட்டும் இதழ் சொன்ன ஒன்றரை சென்டிக்குப் பதிலாக ஒரு இஞ்ச் துணி உள்ளே விட்டார். பின்னால் பிரித்து விடலாம் என்பது நம் ஊர் வழக்கம். ஐரோப்பியக் கடைத் துணியில் அது கிடைக்காது. லினனை வெட்டும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். சுருங்குகிற துணிக்கு அது இல்லாமல் இத்தனை கணக்கும் முதல் சலவையில் போய்விடும்.

கூலி 950 ரூபாய், காடாவும் சேர்த்து. போக நினைப்பவர்கள் தீபாவளிக்கு முந்தைய மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள், இந்த வேலைக்கு அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது. ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது, காடா பார்த்து, திருத்தி, பிறகு தைக்க இடைவெளி வேண்டும். தாளோடு அளவு அட்டவணைப் பக்கத்தையும், தையலுக்கு விட்டிருக்கிறதா என்று சொல்லும் பக்கத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். சென்டி பக்கம் சரியாக உள்ள ஒரு டேப்பும் பெட்டியில் இருக்கட்டும்; வாங்கும்போதே 50 இஞ்சில் திருப்பி 127 வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.