99.9% துல்லியம் என்றார்கள்: வாடிக்கையாளர் பதிவுகளை இணைக்கக் கொடுப்போர் கவனத்திற்கு

எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே நபர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் பதிவாகியிருந்ததால், அவற்றை ஒன்றாக்கித் தரும் பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். 10,000 பதிவுகளைப் பெற்றுக்கொண்டு 8,700 ஆகத் திருப்பித் தந்தவர்கள், 99.9% துல்லியம் என்று அறிக்கையும் இணைத்திருந்தார்கள். அந்த எண்ணைக் கண்டு தொகையைச் செலுத்தியது எங்கள் தவறு.

10,000 பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 4,99,95,000 இணைகள் வருகின்றன. அவற்றுள் உண்மையில் ஒரே நபரைக் குறிப்பவை 1,000 என்று வைத்துக்கொண்டால், எதையும் இணைக்காமல் கைகட்டி உட்கார்ந்திருப்பவருக்கும் 99.998% துல்லியம் கிடைத்துவிடும்; அதாவது, அவர்கள் பெருமையாகச் சொன்ன 99.9% என்பது, ஏறத்தாழ 50,000 இணைகளில் தவறு நேர்ந்தாலும் எட்டக்கூடிய அளவுதான். கேட்டிருக்க வேண்டியவை வேறு இரண்டு: இணைத்தவற்றில் எத்தனை சரி, இணைக்க வேண்டியவற்றில் எத்தனை விடுபட்டன. இவற்றை நாங்கள் கேட்டபோது பதில் வரவில்லை.

கோளாறு ஒரு வாடிக்கையாளரின் புகாரால் வெளிப்பட்டது. Selvi R என்பவரின் கணக்கு விவரம் Selvam R என்பவருக்குச் சென்றிருந்தது. ஒரே வீட்டில் வசிக்கும் இவ்விருவரின் பதிவுகளையும் நேரடியாக ஒப்பிட்டால் ஒற்றுமை மதிப்பெண், ஒரே நபர் என்று கொள்வதற்கான எல்லைக்குக் கீழேதான் நின்றது. ஆனால் இடையில் Selva R என்று அரைகுறையாக, அதே வீட்டுத் தொலைபேசி எண்ணுடன் ஒரு பதிவு இருந்தது. அது இருவரோடும் எல்லையைத் தாண்டிப் பொருந்தியதால், சங்கிலிபோல் மூன்றையும் ஒரே நபராக்கிவிட்டார்கள். பிறகு, இணைக்கப்பட்ட 200 தொகுதிகளைக் கையால் சரிபார்த்ததில் 38 இப்படியே கலந்திருந்தன. பெரிய தொகுதிகள்தாம் பெரும்பாலும் பழுதானவை என்பதால், தேடுவோர் அங்கிருந்தே தொடங்கலாம்.

விடுபட்டவற்றின் காரணம் இன்னும் எளிமையானது. ஒப்பீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பட்டியலைப் பிரித்திருந்தார்கள். இதனால் S Murugan ஒரு பிரிவிலும் Murugan S இன்னொரு பிரிவிலும் விழுந்து, கடைசிவரை ஒப்பிடப்படவே இல்லை. முன்னெழுத்தைத் தனிப் புலமாகப் பிரித்திருந்தாலோ, தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து இரண்டாம் முறை பிரித்திருந்தாலோ இந்த இரண்டு பதிவுகளும் சந்தித்திருக்கும். பெயர்களைக் கையாள்வதாகச் சொல்லிக்கொள்வோருக்கு இது தெரியாமல் போனது எனக்கு இன்றும் வியப்பே.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு, பழைய பதிவெண்களை அழித்துவிட்டு இறுதிப் பட்டியலை மட்டும் தந்ததுதான். எந்தப் பதிவு எதோடு, எந்த மதிப்பெண்ணில் சேர்ந்தது என்ற இணைப்பு அட்டவணை இருந்திருந்தால், அந்த 38 தொகுதிகளை மட்டும் பிரித்திருக்கலாம். அது இல்லாததால் பழைய நகலுக்கே திரும்பி, இடைப்பட்ட மூன்று வாரத் திருத்தங்களை மறுபடியும் உள்ளிட்டுக்கொண்டிருக்கிறோம். அட்டவணையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.