தவணைக்கு வாங்கிய வேன்: வட்டியைக் கணக்கில் பிரிக்க மூன்று வழிகள்

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "அண்ணே, வேனுக்கு மாசம் 900 வெள்ளி கட்டுறேன். அப்படியே செலவுல எழுதிட்டா என்ன?"

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிஓஇ உட்பட வேனின் ரொக்க விலை 60,000 வெள்ளி. முன்பணம் 12,000 போக, கடன் 48,000. வட்டி பிளாட் ரேட்டில், அதாவது பாக்கி குறைந்தாலும் முழு 48,000-க்கும், ஆண்டுக்கு 2.5%. ஐந்து வருடத்துக்கு 6,000 வட்டி சேர்ந்து மொத்தம் 54,000. அதை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 900.

கட்டியதையெல்லாம் செலவாக எழுதினால், முதல் வருடம் முன்பணத்தோடு 22,800 வெள்ளி லாபத்தைத் தின்னும். ஆறாம் வருடத்திலிருந்து வேன் ஓடிக்கொண்டிருக்கும், கணக்கில் மட்டும் அதற்குச் செலவே இருக்காது. சிலர் இதற்கு நேர்மாறாக, வட்டியையும் சேர்த்து 66,000 என்று சொத்தில் ஏற்றிவிடுவார்கள். அப்போது ஐந்து வருடத்தில் முடிய வேண்டிய வட்டி, தேய்மானம் என்ற பெயரில் பத்து வருடம் இழுபடும்.

சொத்தின் மதிப்பு ரொக்க விலையான 60,000 மட்டுமே. சிஓஇ பத்து வருடம், வேனின் பதிவை நீக்கும்போது பார்ஃப் தள்ளுபடியும் கிடையாது. அதனால் பத்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்து, ஆண்டுக்கு 6,000 தேய்மானம் எழுதலாம். கடன் ஐந்து வருடம் என்பதற்காகத் தேய்மானத்தையும் ஐந்து வருடத்தில் முடிப்பது அடிக்கடி பார்க்கும் தவறு. வண்டி எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கும் கடன் எப்போது தீரும் என்பதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கிய அன்று வாகனக் கணக்கில் 60,000 பற்று. வங்கிக் கணக்கில் 12,000, கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கில் 54,000 வரவு. மிச்சம் 6,000 'இன்ட்ரஸ்ட் இன் சஸ்பென்ஸ்' கணக்கில் பற்று, அதாவது இன்னும் செலவாகாத வட்டி. இதிலிருந்து ஒவ்வொரு வருடமும் எவ்வளவு எடுத்துச் செலவில் போடுவது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதலாவது, சமமாகப் பிரிப்பது: வருடத்துக்கு 1,200. சுலபம்தான், ஆனால் தப்பு. 48,000 பாக்கி இருக்கும் மாதத்துக்கும், கடைசித் தவணை மட்டும் மிஞ்சியிருக்கும் மாதத்துக்கும் ஒரே வட்டி எப்படி வரும்?

இரண்டாவது, '78 விதி'. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருவதால் இந்தப் பெயர். நம் கடனுக்கு 60 மாதம், கூட்டுத்தொகை 1,830. முதல் மாத வட்டி 6,000-இல் 60/1,830 பங்கு, அடுத்த மாதம் 59/1,830 பங்கு என்று இறங்கிக்கொண்டே போகும். முதல் வருட வட்டி 2,144, கடைசி வருடம் வெறும் 256.

மூன்றாவது, உண்மை வட்டி முறை. மிச்சமிருக்கும் அசலின் மேல் மாதாமாதம் வட்டி போடுவது. விகிதத்தை எக்ஸெலே சொல்லும்:

```
=RATE(60,-900,48000)
```

மாதத்துக்குச் சுமார் 0.395% வரும், ஆண்டுக்கு ஏறக்குறைய 4.7%. விற்பனையாளர் 2.5 என்று சொன்ன அதே கடன்தான்! முதல் வருட வட்டி சுமார் 2,085, கடைசி வருடம் 272.

கணக்கியல் தரநிலை கேட்பது மூன்றாவதைத்தான். ஆனால் முதல் வருடத்தில் இரண்டாவதற்கும் அதற்கும் வித்தியாசம் 60 வெள்ளிகூட இல்லை. ஒரே ஒரு வேன் வைத்திருக்கும் கடைக்கு 78 விதியே போதும் என்பது என் கருத்து. பத்துப் பதினைந்து லாரி ஓட்டும் கம்பெனி என்றால் எக்ஸெலில் மூன்றாவதையே போட்டுவிடுங்கள், ஆடிட்டரோடு வாதாட வேண்டியிருக்காது.

சமமாகப் பிரித்தவருக்குச் சிக்கல் கடனை முன்கூட்டியே அடைக்கும்போது தெரியும். முதல் வருட முடிவில் அவர் புத்தகத்தில் அசல் பாக்கி 38,400 என்று நிற்கும். இங்கே வாகனக் கடனுக்கு வட்டித் தள்ளுபடியை 78 விதிப்படி கணக்கிடுவதுதான் வழக்கம், அதன்படி பாக்கி 39,344. அந்த 944 வெள்ளியைத் திடீர் நட்டமாக எழுத வேண்டி வரும். இது போக, முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் வேறு.

அப்புறம் வரி. நாம் எழுதும் தேய்மானத்தை ஐராஸ் ஏற்பதில்லை, அதற்குப் பதிலாக மூலதனப் படி தருகிறது. தவணையில் வாங்கிய வேனுக்கு அந்தப் படி, அந்த வருடம் உண்மையில் கட்டிய அசலின் மேல்தான். முன்பணம் 12,000, தவணைகளில் இருந்த அசல் 8,656, ஆக 20,656 (78 விதிப்படி). வட்டி 2,144 தனியாகக் கழிபடும். சமமாகப் பிரித்திருந்தால் அசல் 21,600 என்று காட்டியிருப்பார், வட்டிக் கழிவு 1,200-ஆகக் குறைந்திருக்கும். எஸ் பலகை போட்ட சொந்தக் காரென்றால் கம்பெனி பெயரில் இருந்தாலும் இந்தப் படி கிடைக்காது.