பழுது யார் பொறுப்பு? ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் மாதம் 2,000 ரிங்கிட் வாடகைக்கு ஒரு கொண்டோ. இரண்டு மாத வாடகை, அதாவது 4,000 ரிங்கிட், வைப்புத்தொகை. மின்சாரம், தண்ணீருக்கு இன்னொரு அரை மாதம். எட்டாவது மாதத்தில் ஏர்கோன் கம்ப்ரசர் போய்விடுகிறது. செலவு 900 ரிங்கிட்.

“சிறு பழுது குடியிருப்பவர், பெரும் பழுது வீட்டுக்காரர்” என்று மட்டும் எழுதியிருந்தால் தகராறு உறுதி. எது சிறியது? சர்வீஸ் செய்யாததால்தான் கெட்டது என்பார் வீட்டுக்காரர். காலி செய்யும்போது வைப்புத்தொகையில் 900 கழியும்.

இரண்டாவது முறை, தொகையை வரம்பாக வைப்பது: ஒரு பழுதுக்கு 200 ரிங்கிட் வரை குடியிருப்பவர், தாண்டினால் முழுச் செலவும் வீட்டுக்காரர். ‘முழுச் செலவும்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் 700 மட்டும்தான் தன் பங்கு என்று அவர் வாதிடலாம். கூடவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏர்கோன் சர்வீஸ், ரசீதோடு, குடியிருப்பவர் கடமை. எழுத்தில் தெரிவித்து 14 நாளில் வீட்டுக்காரர் சரிசெய்யாவிட்டால், குடியிருப்பவரே சரிசெய்து, ரசீது காட்டி வாடகையில் கழிக்கலாம் என்றும் எழுத வேண்டும்.

நான் இரண்டாவதையே எழுதச் சொல்வேன். தவறான பயன்பாட்டால் வரும் சேதத்தை மட்டும் விலக்காகச் சேர்த்து, சாவி வாங்கும் நாளில் எடுத்த படங்களை ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.