கொடைக்கானலில் கல்யாணத்துக்குப் பூ சொல்பவர்கள் கவனத்துக்கு

தை முகூர்த்தத்துக்கு மல்லி விலை ஏறுவது நியாயம்தான். பனியில் செடி மொட்டு வைப்பது குறையும், பொங்கலும் கல்யாணங்களும் அதே நேரத்தில் வரும். பங்குனி, சித்திரையில் வரத்து கொட்டும்போது சில நூறுக்குப் போகும் ஒரு கிலோ, தையில் ஆயிரங்களில் நிற்கும். ஆனால் அந்த ஏற்றத்தைச் சாக்காக வைத்து எங்கள் தங்கை கல்யாணத்தில் ஒரு பூக்கடைக்காரர் செய்தது அநியாயம்.

மலையில் குளிருக்கு மல்லி விளையாது. நிலக்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத்தான் மேலே ஏறுகிறது. "கீழ கிலோ 2,000 போகுதுண்ணே, முழம் 150-க்குக் குறைச்சா எனக்குக் கட்டாது" என்றார். 40 முழம் சொல்லி, 6,000 பேசினோம்.

முகூர்த்தத்தன்று விடியற்காலை வந்த சரத்தில் கண்ணிக்குக் கண்ணி விரல்கடை இடைவெளி, நடுவில் வெறும் நார் தெரிந்தது. சமையல்கட்டுத் தராசில் 10 முழம் வைத்தேன்: 220 கிராம். அதாவது முழத்துக்கு 22 கிராம். அவர் சொன்ன 2,000 விலையிலேயே பூ 44 ரூபாய். கட்டுக்கூலி, பஸ் சுமைக்கூலி, கழிவு என்று தாராளமாக 25 போட்டாலும் 70-ஐத் தாண்டாது. டேப் வைத்தால் முழமும் 15 அங்குலம்தான் இருந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை 18 வர வேண்டாமா?

அதுவும் முழுக்க மல்லி இல்லை. குண்டு மொட்டுகளுக்கு நடுவே ஒல்லியாக, கூர்நுனியோடு காக்கடா. கிட்ட வைத்துப் பார்த்தால் அதன் காம்படியில் மெல்லிய ரோமம் தெரியும், வாசனையும் பெயருக்குத்தான். காக்கடா கட்டுவது தப்பில்லை. அதை மல்லி விலைக்குக் கொடுப்பதுதான் மோசடி. மாலையிலும் இதே கதை. மேலே மல்லியும் ரோஜாவும் தெரிந்தன, விலக்கிப் பார்த்தால் உள்ளே கனம் கொடுத்தது சம்பங்கி. விலை மட்டும் முழு மல்லி மாலைக்கு.

கேட்டதற்கு, "மலைக்கு ஏத்துற செலவு இருக்குல்ல" என்றார். கிலோவுக்கு அந்தச் செலவு சில ரூபாய்தான் வரும்.

முழ விலையை மட்டும் பேசாதீர்கள். முழத்துக்கு எத்தனை கிராம் மல்லி என்று கேளுங்கள். நெருக்கிக் கட்டிய சரத்துக்கு 40 கிராம் பிடிக்கும். முந்தின நாள் நிலக்கோட்டை விலையில் அதைக் கணக்கிட்டு, மேலே கூலியைச் சேருங்கள். காக்கடா கலக்கக் கூடாது என்பதையும், மாலைக்குள் என்ன பூ என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம்.

எழுதித் தர மறுத்தால், ஆள் அனுப்பி உதிரிப் பூவாக வாங்கிவந்து, கட்டுபவர்களுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். மறுநாள் வரவேற்புக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதே 2,000 விலையில், 40 கிராம் நெருக்கத்தில், முழம் 100-க்குள் முடிந்தது.