நான்கு ஆண்டுகளாகக் கையில் இருக்கும் ஓர் இயல்நிலைப் பரவல் அட்டவணை

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் புள்ளியியல் டியூஷன் எடுக்கும் நான், லேமினேட் செய்த ஓர் இயல்நிலைப் பரவல் அட்டவணையை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மணி வடிவ வளைகோட்டின் நடுக்கோட்டிலிருந்து Z வரையிலான பரப்பை மட்டும் தருகிற அட்டவணை அது. மாணவர்கள் இப்போதெல்லாம் கணக்கைப் படம்பிடித்தே அனுப்புவதால், அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் படத்தைச் சந்தேகிக்கவும் பழகிவிட்டேன்.

ராயபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தோழியின் நோட்டிலிருந்து எடுத்த படத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, "சார், எனக்கு 0.1388 வருது, அவளுக்கு 0.8012" என்று அனுப்பியிருந்தார். மதிப்பெண்களின் சராசரி 60. 52க்கும் 74க்கும் இடையில் எத்தனை பங்கு மாணவர்கள் என்பது கேள்வி. படத்தில் σ = 64 என்று தெரிந்தது. திட்ட விலக்கம் 64 என்றால் ஏறத்தாழ ஆறில் ஒருவர் சுழியத்துக்கும் கீழே மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும்! பெரிதாக்கிப் பார்த்தபோது, σ-வின் தலைமேல் இருந்த சிறிய 2 ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெளுத்துப் போயிருந்தது புரிந்தது. 64 என்பது பரவற்படி. திட்ட விலக்கம் 8.

Z = (X − μ)/σ என்பதில் இட்டால் 52க்கு −1, 74க்கு 1.75 கிடைக்கும். வளைகோடு சமச்சீரானது என்பதால் −1க்கும் 1க்கு உரிய 0.3413-தான். 1.75க்கு இடப்பக்கம் 1.7 வரிசையையும் மேலே 0.05 நிரலையும் பிடித்தால் 0.4599. இரண்டும் நடுக்கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் கூட்ட வேண்டும்: 0.8012.

இந்த அட்டவணையின் மீது எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. சில கைடுகளில், இடது கோடியிலிருந்து Z வரையிலான மொத்தப் பரப்பைத் தரும் இன்னொரு வகை அட்டவணை இருக்கிறது, அதில் 1.75க்கு 0.9599. அதை வைத்துக்கொண்டு என் முறைப்படி கூட்டினால் 0.8413 + 0.9599 = 1.8012 என்று ஒன்றைத் தாண்டிவிடும், தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் 66க்கும் 74க்கும் இடையில் என்று கேட்டால், இரண்டு Z மதிப்புகளும் (0.75, 1.75) ஒரே பக்கத்தில் இருப்பதால் கழித்தல்தான்; எந்த அட்டவணையிலும் 0.1865-தான் வரும். எனவே தவறான அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் மாணவர் பல கணக்குகளைச் சரியாகவே போட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் புதிதாக வருபவரிடம், Z = 0.00 என்ற முதல் கட்டத்தில் 0.0000 இருக்கிறதா, 0.5000 இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.