மழித்த முகத்துக்கு மீசை வைப்பது: மூன்று வருட அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பத்துக்கு அடுத்து அதிகம் வரும் வேலை, இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது. அதில் மாதம் இரண்டு மூன்று பேராவது, "அப்பாவுக்கு மீசை இருக்கும்ணே, இந்தப் போட்டோவுல இல்ல, வச்சுக் குடுங்க" என்று வருவார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்து மீசையை எடுத்திருந்த நேரத்தில், ஏதோ கடன் விண்ணப்பத்துக்காக எடுத்த படமாக அது இருக்கும். அவர்களிடம் இருக்கும் ஒரே தெளிவான படமும் அதுதான்.

போட்டோஷாப்பும் ஒரு சாதாரணப் பேனா டேப்லெட்டும் வைத்து மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். முதல் ஒரு வருடம் நான் செய்ததெல்லாம் ஒட்டு மீசை. இப்போது எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

நான் பாடம் படித்தது நீடாமங்கலத்துப் பக்கத்து விவசாயி ஒருவரின் படத்தில். மகன் கொண்டுவந்தது பாஸ்போர்ட் அளவுப் பிரிண்ட். அதை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, முடி முடியாக அரை நாள் வரைந்தேன். அவர் மனைவி பார்த்துவிட்டு, "இது அவங்க மீசை இல்ல தம்பி, கம்பளிப்பூச்சி உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான்.

காரணம் அளவில் இருந்தது. ஒரு மனிதனின் முகம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலம். ஸ்கேனில் அந்த முகம் 500 பிக்சல்தான் வந்தது. அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை பிக்சல். மீசை முடி ஒன்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்று வைத்தாலும், படத்தில் அது அரைப் பிக்சல்கூட வராது. அந்தப் படத்தில் அவருக்கு உண்மையிலேயே மீசை இருந்திருந்தாலும் தனி முடி எதுவும் தெரிந்திருக்காது, கறுப்புச் சாயல்தான் தெரிந்திருக்கும். நானோ மூன்று பிக்சல் பிரஷ்ஷில் இழுத்திருந்தேன். நிஜ அளவில் பார்த்தால் ஒவ்வொரு முடியும் துடைப்பக் குச்சி.

நல்ல வேளையாக அந்தப் படம் எங்கள் ஸ்டூடியோவிலேயே எடுத்தது. பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டியதில் கேமரா ஃபைல் கிடைத்தது. அதில் முகம் 1400 பிக்சல் அகலம். இப்போது ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து பிக்சல், ஒரு முடிக்கு ஒரு பிக்சல் கணக்கு சரியாக வந்தது. இன்றும் வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் முதலில் முகத்தின் அகலத்தைத்தான் அளக்கிறேன். 600 பிக்சலுக்குக் கீழே என்றால் முடி வரைவதில்லை, சாயல் மட்டும்தான். முன்பணம் வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், மீசை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது. இதற்கு ஊகமே வேண்டாம், மழித்த முகத்திலேயே வரைபடம் இருக்கிறது. போட்டோஷாப்பில் படத்தின் சிவப்பு நிறத்தை மட்டும் தனியாகக் காட்டும் ரெட் சேனலைத் திறந்து பாருங்கள். சிவப்பு ஒளி தோலுக்குள் கொஞ்சம் ஆழமாகப் போய்த் திரும்புகிறது. மழித்த பிறகும் தோலுக்கடியில் இருக்கும் முடிக்கட்டை அதை விழுங்கிவிடும். அதனால் தோல் வெளுப்பாகவும் முடி முளைக்கும் இடம் மங்கலாகவும் தெரியும். அவருடைய படத்தில் மேலுதட்டின் நடுக்குழியில் நிழல் மிகக் குறைவு, இரண்டு பக்கமும் அடர்த்தி, உதட்டோரத்தில் தாடியோடு சேராமல் சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு வெற்றிடம். இதை அப்படியே பின்பற்றியதும் பாதி முகம் திரும்பி வந்துவிட்டது. என் முதல் மீசையில் நடுக்குழியையும் சேர்த்து நிரப்பியிருந்தேன். கம்பளிப்பூச்சி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வரையும்போது முதலில் முடி கிடையாது. கீழே இருப்பதைக் கருமையாக்கும் மல்டிப்ளை லேயரில் மென்மையான பிரஷ்ஷால், அவர் புருவத்தில் எடுத்த நிறத்தை 15, 20 சதவீத ஒபாசிட்டியில் தடவ வேண்டும். சுத்தக் கறுப்பு வேண்டாம், புருவத்திலேயே அது இருக்காது. இந்த நிழல் இல்லாமல் முடியை மட்டும் இழுத்தால், இடைவெளியில் பளிச்சென்று தோல் தெரிந்து நாற்று நட்ட வயல் மாதிரி ஆகிவிடும். அதன்மேல்தான் முடி: நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கீழ்நோக்கிச் சாய்ந்து, நுனி மெலிந்து. பத்தில் ஒன்று தவறான திசையில் போக வேண்டும். மேல் ஓரத்தைக் கோடாக வெட்டவே கூடாது. கீழே உதட்டின் சிவப்புக்கு மேல் மெல்லிய வெற்றுத் தோல் வரம்பு ஒன்று உண்டு, சில முடிகள் மட்டும் அதைத் தாண்டி உதட்டில் விழும். கடைசியில் அந்த லேயரை அரைப் பிக்சல் மங்கலாக்கி, படத்தில் இருக்கும் அதே அளவு பொடிப் புள்ளிகளை, அதாவது நாய்ஸ், சேர்த்தேன். இல்லாவிட்டால் முகம் கேமராவில் எடுத்ததாகவும் மீசை கம்ப்யூட்டரில் செய்ததாகவும் தனித்தனியே தெரியும்.

நரைதான் அந்த அம்மா அழுத்திச் சொன்ன விஷயம். "வலப்பக்கம் ஓரத்துல மட்டும் ஒரு கொத்து வெளுத்திருக்கும். மத்தது கருப்பு." எனக்கு அதுவரை நரை என்றால் மொத்த மீசையிலும் உப்பு மிளகு தூவுவது. நிஜ நரை அப்படிச் சமமாகப் பரவுவதில்லை. அந்தக் கொத்துக்குள்ளும் பத்துக்கு ஏழு முடியைத்தான் வெளுப்பாக்கினேன், மூன்று கறுப்பாகவே இருந்தன. கொத்தின் விளிம்பில் ஐந்துக்கு ஒன்றாக்கி, அப்படியே கறுப்பில் கரையவிட்டேன். வெளுப்பின் அளவுக்கு அவர் சட்டையே அளவுகோல். சட்டையின் நிழல் மடிப்பை விட நரை பளிச்சென்று இருந்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். கிருதாவில் நரை எவ்வளவு என்றும் பார்த்துக்கொண்டேன். தலையில் நன்றாக நரைத்தவருக்குக் கருகரு மீசை வைத்தால் மை போட்ட தோற்றம் வரும். (போன வருடம் ஒரு வீட்டில் அதையே கேட்டார்கள், அவர் கடைசி வரை மை போட்டவராம். அதற்கு வேர்ப்பக்கம் மட்டும் வெளுப்பு வைத்தேன்.)

ஏஐ நிரப்பு வசதியையும் ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். மாஸ்க் போட்டுக் கேட்டால் சில விநாடியில் மீசை வந்துவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் சலூனில் இருந்து இப்போதுதான் வந்த மீசை: இரண்டு பக்கமும் ஒரே அளவு, நரை சீராக. மாஸ்க் உதட்டைத் தொட்டிருந்தால் உதட்டையும் மாற்றி வரைந்துவிடும், வீட்டுக்காரர்கள் காரணம் சொல்லத் தெரியாமல் "ஏதோ மாதிரி இருக்கு" என்பார்கள். அதனால் மூன்று நான்கு வடிவம் போட்டு, எது கிட்டத்தில் இருக்கிறது என்று குடும்பத்திடம் கேட்பதற்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். முன்பு அதற்கே இரண்டு நாள் போகும்.

மீசை ஒன்றுக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முழுத் தாடி என்றால் இன்னும் தடுமாற்றம்தான். தாடைக்குக் கீழே கழுத்தில் முடி ஒரு பக்கம் மேல்நோக்கியும் இன்னொரு பக்கம் சுழன்றும் போகிறது. அதோடு அந்த இடம் எப்போதும் நிழலில் இருப்பதால் ரெட் சேனலிலும் சரியாகத் தெரிவதில்லை. அங்கே சாயலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீடாமங்கலத்துப் படத்தை 12-க்கு 15 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது வலப்பக்க ஓரத்தைத்தான். "இன்னும் ரெண்டு முடி வெளுப்பு இருக்கும் தம்பி" என்றார். நரை தனி லேயரில் இருந்ததால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.